ஊட்டிக்குக் கிளம்பும் முன்: பின்னோக்கி எண்ணும் நினைவூட்டல்கள்

முதல் தடவை குடும்பத்தோடு ரயிலில் கிளம்பியபோது, கிளம்பும் நாள் மாலை 5 மணிக்கு "அத்தை மாத்திரை" என்று போனில் அலாரம் வைத்திருந்தேன். அலாரம் சரியாகத்தான் அடித்தது. டப்பாவைத் திறந்தால் மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரை மூன்றே மூன்று இருந்தது. தெருமுனை மருந்துக்கடையில் அந்த மாத்திரை இருப்பு இல்லை. "நாளைக்கு மதியம் வந்துடும்மா" என்றார் கடைக்காரர். நாளை மதியம் நாங்கள் மலைமேல் இருப்போம்.

நினைவூட்டல் வைக்காமல் விட்டது அங்கே பிரச்சினை இல்லை. வைத்த நாள்தான் தப்பு. பொருள் எப்போது வேண்டும் என்று பார்த்து அலாரம் வைத்தேன். அந்தப் பொருள் இல்லாவிட்டால் சரிசெய்ய எத்தனை நாள் பிடிக்கும் என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். மாத்திரைக்கு இரண்டு நாள் போதும். பையன் போட்டு வளர்ந்துவிட்ட ஸ்வெட்டருக்கு ஒரு வாரம். டிக்கெட்டில் தேதி தப்பாகிப் போனால் இரண்டு மாதம்கூட ஆகலாம், ஏனென்றால் அதற்குள் ரயில் நிரம்பிவிடும். இப்படிப் பின்னோக்கி எண்ணி வைத்தால் நினைவூட்டல்களின் வரிசை தானாகவே அமைந்துவிடும். டிக்கெட் முதலில், துணிமணி நடுவில், சார்ஜர் கடைசியில்.

பொதுவாகச் சொன்னால் பிடிபடாது. ஒரு பயணத்தையே எடுத்துக்கொள்வோம். மே 15, வெள்ளிக்கிழமை இரவு சென்னை சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ், வண்டி எண் 12671. காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து 7.10-க்கு மலை ரயிலில் ஊட்டி. மூன்று இரவு தங்கிவிட்டு 19-ஆம் தேதி இரவு திரும்ப ஏறி, 20-ஆம் தேதி காலை சென்னை. போகிறவர்கள் நானும் கணவரும், அறுபத்தேழு வயது அத்தை, பதினொரு வயது மகள், நான்கு வயது மகன். ஈரோட்டில் இருக்கும் என் நாத்தனார் அங்கிருந்தே அதே வண்டியில் ஏறிக்கொள்வதாகத் திட்டம்.

டிக்கெட் எடுத்த அன்றே

ரயில்வேயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது. மே 15 பயணத்துக்கு மார்ச் 16 காலை 8 மணிக்குப் பதிவு திறக்கும். கோடை விடுமுறையில் ஊட்டி வண்டி என்பதால் அந்த நாளுக்கே ஒரு அலாரம் வேண்டும், 7.45-க்கு. இதுதான் பட்டியலில் முதல் நினைவூட்டல்.

இரண்டாவது நினைவூட்டலைப் பலர் வைப்பதில்லை. டிக்கெட் எடுத்த அன்று இரவே, பரபரப்பு அடங்கிய பிறகு, டிக்கெட்டைத் திறந்து ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் காலண்டரையும் அடையாள அட்டைகளையும் வைத்துச் சரிபார்ப்பது. எடுத்தவரே சரிபார்த்தால் தப்பு கண்ணில் படாது. தான் எழுதிய கடிதத்தில் எழுத்துப்பிழை தெரியாதது போலத்தான்.

அந்த வாசிப்பில் நான் மிகவும் கவனமாகப் பார்ப்பது தேதியை. சென்னையில் ஏறுகிறவர்களுக்குக் குழப்பம் இல்லை, 15-ஆம் தேதி இரவு 9 மணி சொச்சத்துக்கு வண்டி. ஆனால் அதே வண்டி ஈரோட்டுக்கு வரும்போது நள்ளிரவு தாண்டி, கிட்டத்தட்ட அதிகாலை இரண்டரை ஆகிவிடும். டிக்கெட்டில் போடும் பயணத் தேதி நீங்கள் ஏறும் நிலையத்தின் தேதி. எனவே ஈரோட்டில் ஏறுகிற நாத்தனாரின் டிக்கெட்டில் 16 என்று இருக்க வேண்டும். எங்களோடு வருவதாக நினைத்து அவர் 15 என்று போட்டால், 14-ஆம் தேதி சென்னையிலிருந்து கிளம்பிய வண்டியில் இடம் கிடைக்கும். நாங்கள் ஏறும் முன்பே அவர் ஊட்டி போய்ச் சேர்ந்துவிடுவார்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். டிக்கெட்டில் சரியாக 16 என்றே இருக்கும். ஆனால் 16-ஆம் தேதி என்றதும் மனம் சனிக்கிழமை இரவுக்குப் போய்விடும். ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டியதோ வெள்ளிக்கிழமை ராத்திரி. ஒருமுறை என் நாத்தனார் வெள்ளி இரவு பதினொன்றரைக்கு எனக்கு போன் செய்து, "அண்ணி, நாளைக்கு ராத்திரி எத்தனை மணிக்குப் பார்க்கலாம்?" என்று கேட்டாள். நாங்கள் அப்போது ஜோலார்பேட்டைப் பக்கம் வந்துவிட்டோம். நல்ல வேளை, அவள் வீடு ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடம். பையில் பாதி, கையில் பாதியாக ஓடி வந்து ஏறினாள்.

ஆகவே நள்ளிரவுக்குப் பின் வரும் வண்டிக்கு நினைவூட்டலைத் தேதி போட்டு எழுதாதீர்கள், கிழமையும் இரவும் போட்டு எழுதுங்கள். "வெள்ளி இரவு சாப்பிட்டதும் தூங்காதே, 1.30-க்கு ஸ்டேஷன்" என்று இருந்தால் யாருக்கும் தப்பாது.

அப்புறம் நிலையம். சென்னையில் சென்ட்ரல், எழும்பூர், தாம்பரம் என்று வண்டிகள் பிரிந்து கிடக்கின்றன. டிக்கெட்டில் எந்த நிலையம் போட்டிருக்கிறது என்பதைப் பார்த்து, நினைவூட்டலிலும் அதே பெயரை எழுதுங்கள். "ஸ்டேஷனுக்குக் கிளம்பு" என்று மட்டும் எழுதினால் பழக்கதோஷத்தில் ஆட்டோக்காரரிடம் எழும்பூர் என்று சொல்லிவிடுவோம்.

வயதையும் பார்க்க வேண்டும். ஐந்து வயது நிறையாத குழந்தைக்குத் தனி படுக்கை வேண்டாமென்றால் டிக்கெட்டே தேவையில்லை. ஐந்து நிறைந்து பன்னிரண்டு நிறையாத பிள்ளைக்குப் படுக்கை கேட்டால் பெரியவர்களுக்கான முழுக் கட்டணம்தான். எங்கள் மகனுக்கு டிக்கெட் இல்லை, அவன் என்னோடு கீழ்ப் படுக்கையில் படுப்பான். மகளுக்குத் தனிப் படுக்கை. ராத்திரிப் பயணத்தில் பதினொரு வயதுப் பிள்ளையை ஒட்டி உட்கார வைத்துக் கூட்டிப்போகலாம் என்று மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். காலையில் யாருமே மனிதராக இருக்க மாட்டோம்.

மலை ரயிலுக்குத் தனி டிக்கெட். நீலகிரி எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்தால் மலை ரயிலிலும் கிடைத்ததாக அர்த்தமில்லை. எங்களுக்கு இரண்டும் கிடைத்தன. திரும்பி வருவதற்கு மட்டும் `WL` என்று காத்திருப்புப் பட்டியலில் விழுந்தது. அதற்கென்று தனியாக ஒரு நினைவூட்டல் வரும், சொல்கிறேன்.

போனில் எழுதும் விதம்

நினைவூட்டலை காலண்டர் செயலியில் வையுங்கள், வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் பகிர்ந்துவிடுங்கள். அதில் இரண்டே விஷயங்களைக் கவனித்தால் போதும்.

ஒன்று, அந்த வேலையைச் செய்ய முடிகிற நேரத்தில் அது ஒலிக்க வேண்டும். மருந்து வாங்கும் நினைவூட்டல் காலை 11 மணிக்கு ஆபீசில் மீட்டிங்கில் இருக்கும்போது வந்தால் விரலால் தள்ளிவிடுவோம், அதோடு போச்சு. மாலை 7 மணிக்கு, கடை வழியாக வீட்டுக்கு வரும் நேரத்தில் வந்தால் வாங்கிவிடுவோம். பீரோ மேல்தட்டிலிருந்து பெட்டி இறக்குவது ஞாயிற்றுக்கிழமை வேலை.

இரண்டு, யார், என்ன, எத்தனை, எங்கே என்பது அந்த வரியிலேயே இருக்க வேண்டும். "மாத்திரை" என்பது நினைவூட்டல் ஆகாது. நான் இப்போது எழுதுவது இப்படி: "அவர்: அத்தை பிரஷர், சுகர் மாத்திரை 8 நாளுக்கு. சீட்டு சாமி அலமாரி டப்பாவில்." இதைப் பார்த்த பிறகு என்னிடம் ஒரு கேள்வியும் வராது. கேள்வி வந்தால் நினைவூட்டல் சரியாக எழுதப்படவில்லை.

பதினைந்து நாளுக்கு முன்

ஏப்ரல் கடைசியில், வெயில் மண்டையைப் பிளக்கும்போது ஸ்வெட்டரைத் தேடச் சொல்லி ஒரு நினைவூட்டல் வரும். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். மே மாதத்தில் ஊட்டி பகலில் இதமாக இருக்கும். பொழுது சாய்ந்து ஒரு மழையும் பெய்துவிட்டால் சென்னைக்காரர்களுக்குக் குளிர் தாங்காது, வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இன்னும் சிரமம்.

தேடி எடுப்பதோடு வேலை முடியாது. பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். போன வருஷத்து ஸ்வெட்டர் மகனுக்கு வயிறு வரைதான் வந்தது. சென்னையில் மே மாதத்தில் கம்பளித் துணிக் கடையைத் தேடுவது எளிதல்ல. பதினைந்து நாள் இருந்ததால் அக்கா வீட்டிலிருந்து அவள் பையனுடையதை வாங்கித் துவைத்துக் காயவைக்க முடிந்தது. நாஃப்தலீன் உருண்டை வாசனை போகவே இரண்டு நாள் வெயில் வேண்டும். அந்த வாசனையோடு மலை ரயிலின் சின்னப் பெட்டியில் உட்கார்ந்தால் எதிரே இருப்பவர்கள் நம்மை மறக்க மாட்டார்கள்.

ஷூவையும் அன்றே போட்டு நடக்கச் சொல்லுங்கள். புது ஷூவை ஊட்டியில் முதல் தடவை போட்டால் காலில் கொப்புளம் வரும்.

பத்து நாளுக்கு முன்: அட்டையும் ஓடிபியும்

ரயிலில் பரிசோதகர் கேட்டால் டிக்கெட்டில் இருக்கும் ஒருவராவது அசல் அடையாள அட்டை காட்ட வேண்டும். ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பான் என எதுவும் சரி. நகல் செல்லாது. டிஜிலாக்கர் செயலியில் உங்கள் கணக்கில் வரும் ஆதாரும் ஓட்டுநர் உரிமமும் ஏற்கப்படும், ஆனால் நீங்களே போட்டோ எடுத்து அதில் ஏற்றி வைத்தது ஏற்கப்படாது. இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கப் பத்து நாளுக்கு முன் நேரம் இருக்கும். ஸ்டேஷன் வாசலில் இருக்காது. தனி டிக்கெட்டில் வரும் நாத்தனாருக்கு அவருடைய அட்டை வேண்டும், அவருக்கும் இந்த நினைவூட்டல் போக வேண்டும்.

இப்போது திரும்பும் டிக்கெட்டுக்கு வருகிறேன். `WL` உறுதியாகாமலே போனால் கடைசி வழி தட்கல். 19-ஆம் தேதி மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் வண்டிக்கு ஏசி வகுப்புத் தட்கல் 18-ஆம் தேதி காலை 10 மணிக்குத் திறக்கும், ஏசி இல்லாத வகுப்புக்கு 11 மணி. அந்த நேரத்தில் நாங்கள் ஊட்டியில் எங்காவது பூங்காவில் இருப்போம். ஆகவே 18 காலை 9.40-க்கு ஒரு அலாரம், "அறையிலேயே இரு, சிக்னல் பார்" என்று.

ஆனால் அந்த அலாரம் மட்டும் போதாது. 2025 ஜூலையிலிருந்து, ஆதார் சரிபார்க்கப்பட்ட ஐஆர்சிடிசி கணக்கில்தான் இணையம் வழியாகத் தட்கல் எடுக்க முடியும், ஓடிபியும் வரும். கணக்கில் ஆதாரை இணைக்கும் வேலையை ஊட்டியில் உட்கார்ந்து காலை 9.50-க்குத் தொடங்கினால் பத்து மணிக்கு இடம் போயிருக்கும். அதனால் இதை வீட்டிலேயே முடித்துவிடச் சொல்லிப் பத்து நாளுக்கு முன் ஒரு நினைவூட்டல். ஓடிபி வரும் எண் யாருடைய போனில் இருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்த சிம், மாமனார் உபயோகித்த பழைய பட்டன் போனில் இருந்தது. வீட்டில் டிவி பக்கத்தில் கிடந்த அந்த போன் இப்போது பயணச் சாமான் பட்டியலில் ஒன்று, அதன் தடித்த சார்ஜரோடு.

ஒரு வாரத்துக்கு முன்: மருந்து

15-ஆம் தேதி இரவிலிருந்து 20-ஆம் தேதி காலை வரை ஐந்து நாள். அதோடு மூன்று நாள் கூட்டி எட்டு நாள் மருந்து எடுக்கிறேன். மழையில் பாதையில் மண் சரிந்தாலோ, திரும்பும் டிக்கெட் உறுதியாகாமல் ஒருநாள் தங்கினாலோ அந்த மூன்று நாள் கைகொடுக்கும். மருந்துச் சீட்டும் கூடவே, இல்லாவிட்டால் வெளியூர்க் கடையில் சில மருந்துகள் தர மாட்டார்கள்.

எட்டு நாள் மருந்தையும் ஒரே பையில் போடாதீர்கள். இரண்டு நாளுக்கானது கைப்பையில், மீதி பெரிய பையில். ஒன்று தொலைந்தால் இன்னொன்று. அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டால் பெயர் தெரியாமல் போகும், அட்டையோடு வெட்டி வையுங்கள்.

மலைப் பாதையில் பேருந்திலோ காரிலோ போவதாக இருந்தால் பிள்ளைகளுக்கு வாந்தி வரலாம். அதற்கான மருந்தும் அளவும் மருத்துவரிடம் கேட்டு இந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். "மலை ரயிலில்தானே போகிறோம்" என்று விட்டுவிட வேண்டாம். பலத்த மழையில் தண்டவாளத்தில் மண் சரிந்தால் மலை ரயிலை ரத்து செய்துவிடுவார்கள், அன்றைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து சாலை வழிதான். வாடகைக் காரில் ஏறுவதாக இருந்தால் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், `epass.tnega.org` தளத்தில் எடுப்பது. 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் வந்த ஏற்பாடு. ஓட்டுநரிடம் "பாஸ் நீங்கள் எடுப்பீர்களா, நாங்களா" என்று பேசும்போதே கேட்டுவிடுங்கள். பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு அது தேவையில்லை.

நான்கு நாளுக்கு முன்: எத்தனை பை?

மூன்றடுக்கு ஏசியில் பெரியவர் ஒருவர் 40 கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம். அந்தக் கணக்கைப் பார்த்தால் எங்கள் டிக்கெட்டுகளுக்கு நூறு கிலோவைத் தாண்டும். ஒரு வீட்டையே தூக்கிக்கொண்டு போகலாம்! நமக்கு உண்மையில் எல்லை கிலோ இல்லை, கைதான்.

நான் போடும் கணக்கு இது. எனக்கும் கணவருக்கும் சேர்த்து நான்கு கை. அதில் ஒன்று மகனைப் பிடிக்க. மீதி மூன்று. அத்தையின் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், ரயில் படியில் கம்பியைப் பிடிக்க. மகள் முதுகில் அவளுடைய பை மட்டும். ஆக மூன்று பை, ஒரு முதுகுப்பை. அதற்கு மேல் ஒரு சாப்பாட்டுக் கூடை சேர்ந்தால்கூட மேட்டுப்பாளையத்தில் ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாறும்போது ஒரு பையை விட்டுவிட்டு இரண்டு தடவை நடக்க வேண்டியிருக்கும். மலை ரயில் பெட்டி சின்னது, பெரிய சக்கரப் பெட்டிக்கு இடம் தேட வேண்டும். சதுரமாக விறைத்து நிற்கும் பெட்டியைவிட, அமுக்கினால் அமுங்கும் துணிப்பை அங்கே வசதி.

அந்த மூன்றில் ஒன்று ராத்திரிப் பை. ரயிலில் ஏறியதிலிருந்து மறுநாள் அறைக்குப் போகும்வரை தேவைப்படுவது எல்லாம் இதில். அன்றிரவு மாத்திரை, பல் துலக்கும் சாமான், துண்டு, மகனுக்கு ஒரு மாற்று உடை, நான்கு ஸ்வெட்டர், சின்ன டார்ச், தண்ணீர். ஏசி வகுப்பில் விரிப்பும் போர்வையும் தலையணையும் தருவார்கள், அதைச் சுமக்க வேண்டாம். மற்ற இரண்டு பைகளும் கீழ்ப் படுக்கைக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டியபடி இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு எல்லோரும் விளக்கணைத்துப் படுத்த பிறகு, சங்கிலியை உருவி, பெரிய பையை இழுத்து, மாத்திரையைத் தேடி, மேலே படுத்திருப்பவரின் முணுமுணுப்பைக் கேட்ட அனுபவத்தில்தான் இந்தப் பை பிறந்தது. ஸ்வெட்டரும் இதில்தான் இருக்க வேண்டும். பெரிய பையின் அடியில் இருந்தால், மலை ரயில் ஏற ஏறக் குளிரும்போது கையில் கிடைக்காது.

இன்னொன்று, நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை, தண்ணீர் பாட்டிலும் அதில் அடக்கம். சோதனையில் பிடித்தால் அபராதம். எனவே ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில், ஈரத்துணிக்குத் துணிப்பை. இதை நான்காவது நாளிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. மூடி ஒழுகாத பாட்டில் வீட்டில் எத்தனை இருக்கிறது என்று தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் வீட்டில் ஆறில் இரண்டு தேறின.

இரண்டு நாளுக்கு முன்: மாற்ற முடிகிற கடைசி வாய்ப்பு

டிக்கெட்டில் சில மாற்றங்களைக் கடைசி நேரம்வரை தள்ளிப்போட முடியாது. ஏறும் நிலையத்தை மாற்றுவது ஒன்று. நாத்தனார் கடைசி நேரத்தில் திருப்பூரில் இருந்து ஏறுவதானால் அதை இணையத்திலேயே மாற்றலாம், ஆனால் மாற்றிய பிறகு ஈரோட்டில் ஏற உரிமை கிடையாது. இன்னொன்று, ஒருவருக்குப் பதில் குடும்பத்தில் வேறொருவர் போவது. கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்றால் அவருடைய அண்ணன் அந்த டிக்கெட்டில் வரலாம். அதற்கு வண்டி கிளம்ப 24 மணி நேரம் இருக்கும்போதே முன்பதிவு மையத்துக்கு நேரில் போக வேண்டும், உறவுக்கான சான்றோடு. ஒருமுறைதான் மாற்றுவார்கள்.

24 மணி நேரம் என்றால் 14-ஆம் தேதி இரவு 9 மணி என்று கணக்கு வரும். அன்று மாலை அலாரம் வைத்தால் மையம் மூடும் நேரமாகிவிடும். 13-ஆம் தேதி புதன் இரவு வையுங்கள்: "எல்லோரும் வருகிறோமா? கேட்டு முடி." வியாழன் முழுவதும் கையில் இருக்கும். பிஎன்ஆர் எண்ணைப் போட்டு, இடம் உறுதி என்பதற்கான `CNF` இருக்கிறதா என்பதையும் அதே மூச்சில் பார்த்துவிடலாம்.

பால், பேப்பர் நிறுத்தச் சொல்வதும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் பார்ப்பதும் இந்த நாளில்.

முந்தைய இரவு: பை சோதனை

வண்டி வெள்ளி இரவு என்பதால் வெள்ளி பகலில் மூட்டை கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றும். கட்டாதீர்கள். அன்று பகலில் பிள்ளைகள் பையைத் திறந்து பொம்மை எடுப்பார்கள், யாரோ ஒருவர் சட்டை எடுப்பார். வியாழன் இரவே சோதனையை முடிக்க வேண்டும். இரவு 8.30, சாப்பாட்டுக்குப் பின், மகன் தூங்கியதும்.

பைகளை வாசல் பக்கம் கொண்டுவந்து வரிசையாக வையுங்கள். மகள் பட்டியலை வாசிப்பாள், நான் பையில் கைவிட்டுப் பொருளைத் தொடுவேன். தொட்டால்தான் டிக். "அதை நேத்தே வெச்சுட்டேன்" என்ற பதில் செல்லாது. நேற்று வைத்ததை இன்று எடுத்திருப்போம். முதல் சோதனையில் எங்களுக்கு இப்படித்தான் ஒன்று பிடிபட்டது. அடையாள அட்டைகள் இருந்த சின்ன பர்ஸை டிஜிலாக்கரில் ஏதோ சரிபார்க்கக் கணவர் எடுத்து, மேசை இழுப்பறையில் போட்டிருந்தார். வைத்ததாக இருவருக்குமே நல்ல ஞாபகம். பையில்தான் இல்லை.

தொட்டதோடு நிறுத்தாமல் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். டார்ச்சை எரியவிடுங்கள். பூட்டைச் சாவி போட்டுத் திறந்து மூடுங்கள், சாவி ஒன்று உங்களிடம், ஒன்று கணவரிடம். பவர் பேங்க்கை அன்றிரவே சார்ஜில் போடுங்கள், ரயிலில் ராத்திரி 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை சார்ஜ் செய்யும் இணைப்பை நிறுத்திவிடுவார்கள். காலையில் பிஎன்ஆர் காட்ட வேண்டிய போன் அணைந்து கிடந்தால் சிக்கல். டிக்கெட்டை ஒரு தாளிலும் அச்செடுத்து அத்தையின் கைப்பையில் வைக்கிறேன். அவருக்கு அதில் ஒரு பெருமை.

பிறகு ஒவ்வொரு பையையும் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஒரு சுற்று ஏறி இறங்க வேண்டும், யார் தூக்கப் போகிறாரோ அவரே. மகளின் முதுகுப்பையில் நான்கு கதைப் புத்தகமும் ஒரு கூழாங்கல் டப்பாவும் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. டப்பா வீட்டில் நின்றது.

சோதனை முடிந்த பைக்கு ஜிப்பில் ஒரு சிவப்பு நூல் கட்டுகிறேன். நூல் அவிழ்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், அந்தப் பையை மட்டும் மறுபடி பார்த்தால் போதும். மறுநாள் மாலை அவசரத்தில் எல்லாப் பையையும் கொட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

இவ்வளவு செய்தாலும் சில பொருட்களை முந்தைய இரவு வைக்கவே முடியாது. போன் சார்ஜர், பல் துலக்கும் பிரஷ், அத்தையின் கண்ணாடி, பல் செட் டப்பா, மறுநாள் பகல் மாத்திரை, ஓடிபி வரும் அந்தப் பழைய போன், ஃபிரிட்ஜில் இருக்கும் புளிக்காய்ச்சல். இவற்றைத் தனியாக ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, வாசல் தாழ்ப்பாளில் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டிவிடுகிறேன். கதவைத் திறக்க வேண்டுமானால் தாளை எடுத்தே ஆக வேண்டும். அலாரத்தைத் தள்ளிவிடுவது போல அதைத் தள்ள முடியாது. தாளின் கடைசி மூன்று வரி: கேஸ் வால்வு, மோட்டார் சுவிட்ச், மாடிக் கதவு.

சாப்பாட்டுக்கு எண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடி தடவிய இட்லி. தயிர் சாதம் எடுத்தால் அன்றிரவே முடித்துவிடுங்கள், காலை மலை ரயிலில் திறந்தால் புளித்திருக்கும்.

வெள்ளி மாலை 6.45-க்கு கடைசி நினைவூட்டல் ஒலிக்கும். "சென்ட்ரல். 7-க்கு வண்டி வாசலில். தாள்." அத்தை பூட்டை இழுத்துப் பார்ப்பார், இரண்டு தடவை. அந்தத் தாளை மடித்து ராத்திரிப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் வைத்துக்கொள்வேன். 19-ஆம் தேதி ஊட்டி அறையைக் காலி செய்யும்போது அதே சார்ஜர், அதே கண்ணாடி, அதே பல் செட் டப்பா என்று அதையேதான் மறுபடி வாசிக்க வேண்டும். கேஸ் வால்வு வரியை மட்டும் அடித்துவிட்டு, "குளியலறைக் கதவின் பின்னால் மாட்டிய துணி" என்று எழுதிக்கொள்வேன்.